இறாலும் ஐ.ஜி.ஈயும்: ஒவ்வாமை சில நிமிடங்களில் உயிராபத்தாவது எப்படி?

திருகோணமலையில் ஒருவர் "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னால் அதற்கு நான்கு பொருளாவது இருக்கலாம். ஒருவருக்கு இறால் சாப்பிட்டால் வயிறு குழம்பும். இன்னொருவர், இறாலையும் சூரையையும் கத்தரிக்காயையும் அன்னாசியையும் "கிரந்திச் சாப்பாடு" என்று ஒரே பட்டியலில் சேர்த்து வீட்டுப் பெரியவர்கள் விலக்கச் சொன்னதால் சிறு வயதிலிருந்தே அதைத் தொடாதவராக இருப்பார். மூன்றாமவருக்கு ஒருமுறை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தலையிடி வந்திருக்கும்; அதன்பின் கடலுணவு எல்லாவற்றிலும் அவருக்குச் சந்தேகம். நான்காமவருக்கோ ஓர் இறாலைக் கடித்துச் சில நிமிடங்களில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு எழும், மூச்சு முட்டும். நால்வரும் அதை "அலர்ஜி" என்றே அழைப்பார்கள். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடியது நான்காமவருக்கு நேர்வது மட்டும்தான். இந்தக் கட்டுரை அவருடைய உடலுக்குள் நடப்பதைப் பற்றியது.

பரவலாக உள்ள தவறான எண்ணம் ஒன்றை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். இறாலில் நஞ்சு ஏதும் இல்லை. அதே சட்டியில் இருந்து சாப்பிட்ட மற்ற ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகாமல் ஒருவர் மட்டும் மயங்கி விழுகிறார் என்றால், அதற்கான ஏற்பாடு அவருடைய உடலில் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்கிறது என்பதே பொருள். இறால் அந்த ஏற்பாட்டை இயக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வாமை ஏன் அத்தனை வேகமாக வருகிறது என்பதற்கான விளக்கமும் இந்த "முன்கூட்டியே" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சத்தமில்லாமல் நடக்கும் முதற்கட்டம்

நோய்க்கிருமிகள் போன்ற அந்நியப் பொருட்கள் உடலுக்குள் வரும்போது, அவற்றை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை உடல் உருவாக்குகிறது. இவற்றைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். இவற்றின் வடிவம் இரு கைகளை மேலே விரித்து நிற்பதைப் போன்றது. கைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றும். கீழ்க்கால் உடலின் கலங்களில் பொருந்தும். இவற்றில் ஐந்து வகைகள் உள்ளன. ஐ.ஜி.ஈ அவற்றுள் ஒன்று. குருதியில் மிகக் குறைவாக இருப்பதும் அதுதான். பொதுவான தொற்றுகளை எதிர்க்கும் ஐ.ஜி.ஜி என்ற வகையுடன் ஒப்பிட்டால் ஐ.ஜி.ஈ பல்லாயிரம் மடங்கு குறைவாகவே குருதியில் இருக்கும். குடற்புழுக்கள் போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்ப்பது அதன் இயல்பான வேலைகளுள் ஒன்று.

சிலருடைய உடல், தீங்கற்ற ஒரு புரதத்துக்கு எதிராகவும் இந்த ஐ.ஜி.ஈயை உருவாக்கத் தொடங்கிவிடுகிறது. அவ்வாறு ஐ.ஜி.ஈயைத் தூண்டும் பொருளை ஒவ்வாமையூக்கி என்கிறோம். இறாலைப் பொறுத்தவரை முதன்மையான ஒவ்வாமையூக்கி திரொப்போமயோசின் என்ற தசைப் புரதம். நாம் விரும்பி உண்ணும் இறாலின் சதை முழுவதிலும் அது நிறைந்திருக்கிறது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அதன் ஒவ்வாமையூட்டும் தன்மை எளிதில் அழிவதில்லை. ஆகவே "நன்றாக அவித்துத்தானே தந்தோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. சிலருக்கு இறால் கொதிக்கும்போது எழும் ஆவியே போதுமானதாகிவிடுகிறது.

இந்த முதற்கட்டத்தின்போது அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. அவர் பல ஆண்டுகளாக இறால் சாப்பிட்டு வந்தவராக இருக்கலாம். ஐ.ஜி.ஈ உருவாகிக்கொண்டிருக்கும் வாரங்களில் கடியோ காய்ச்சலோ எதுவும் இராது. கடலுணவு ஒவ்வாமை வளர்ந்தவர்களிடம் புதிதாகத் தோன்றுவதும் சாதாரணமாகவே நடக்கிறது. "சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிறேன், எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: முன்பே சந்தித்திருந்தால்தான் வர முடியும். உடல் அந்தப் புரதத்தையோ அதை ஒத்த இன்னொன்றையோ ஒருமுறையாவது சந்தித்திராவிட்டால் அதற்கான ஐ.ஜி.ஈ இருக்காது.

ஐ.ஜி.ஈ என்ன என்பது தெரியவருவதற்கு நெடுங்காலம் முன்னரே, இந்த ஏற்பாடு குருதியில் ஓடுகிறது என்பதை ஒரு மீன் காட்டிக்கொடுத்துவிட்டது. 1921இல் கார்ல் பிரவுஸ்நிட்ஸ், ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற இரு ஜேர்மன் மருத்துவர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். குஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாமை இருந்தது, பிரவுஸ்நிட்ஸுக்கு இல்லை. குஸ்ட்னருடைய குருதியின் தெளிந்த நீரில் சிறிதளவை பிரவுஸ்நிட்ஸின் தோலில் ஓரிடத்தில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார்கள். ஏற்றிய இடத்தில் மட்டும் சிவந்து தடித்தது. ஒருவருடைய ஒவ்வாமையை இன்னொருவருடைய தோலின் ஒரு புள்ளிக்குக் கடன் கொடுக்க முடிந்தது என்றால், குருதியில் உள்ள ஏதோ ஒரு பொருள் தோலில் போய்த் தங்கி நின்றிருக்க வேண்டும். அது எது என்று கண்டறிய 45 ஆண்டுகள் பிடித்தன. 1966இல் அமெரிக்காவில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியரும், ஏறத்தாழ அதே வேளையில் சுவீடனில் இன்னொரு குழுவினரும் அந்தப் பொருளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ என்று பெயர் சூட்டப்பட்டது.

இதுவரை பார்த்தது: ஒவ்வாமை தொடங்குவது அறிகுறி தோன்றும் நாளில் அல்ல. அதற்கு முன்னரே, குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பற்றக்கூடிய ஐ.ஜி.ஈ உருவாகிவிட்டது, அது குருதியிலிருந்து வெளியேறி வேறோர் இடத்தில் தங்கியிருக்கிறது.

அது தங்கும் இடம்: மாஸ்ட் கலம்

அந்த இடம் மாஸ்ட் கலம். போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் அறிஞர் 1878இல் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்து விவரித்த கலம் இது. கலத்தின் உட்பகுதி முழுவதும் நூற்றுக்கணக்கான சிறுமணிகளால் நிரம்பியிருக்கும். அந்த மணிகளுக்குள்ளேதான் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் ஏற்கனவே தயாரிக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. திரிப்டேஸ் என்ற நொதியமும் அங்கே உண்டு; அது பின்னால் ஒரு சோதனைக்கு உதவும்.

மாஸ்ட் கலங்கள் குருதியில் சுற்றித் திரிவதில்லை. தோலுக்கு அடியில், மூக்கிலும் மூச்சுக்குழாய்களிலும், குடற்சுவரில், சிறு குருதிக்குழாய்களைச் சூழ்ந்து, இதயத்தில்கூட அவை நிலையாக இருக்கின்றன. அறிகுறிகள் எங்கெல்லாம் தோன்றும் என்பதற்கான வரைபடம் இதுவே. தோலில் உள்ளவை வெடித்தால் தடிப்பும் கடியும், குடலில் உள்ளவை வெடித்தால் வயிற்று வலியும் வாந்தியும், மூச்சுக்குழாயில் உள்ளவை வெடித்தால் இழுப்பும் முட்டும், குருதிக்குழாய்களைச் சூழ உள்ளவை வெடித்தால் மயக்கமும் வரும்.

ஒவ்வொரு மாஸ்ட் கலத்தின் மேற்பரப்பிலும் ஐ.ஜி.ஈயின் கீழ்க்கால் பொருந்துவதற்கான வாங்கிகள் பெருந்தொகையாக உள்ளன. வாங்கி என்பது குறித்த ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளும் மேற்பரப்புப் புரதம். இந்த வாங்கி ஐ.ஜி.ஈயைப் பிடித்தால் இலேசில் விடாது. குருதியில் தனியாக ஓடும் ஐ.ஜி.ஈயில் பாதி ஏறத்தாழ இரண்டு நாட்களில் அழிந்துவிடும். மாஸ்ட் கலத்தில் பொருந்தியதோ வாரக்கணக்கில் நிற்கும். இதனால்தான் குருதியில் இத்தனை சொற்பமாக இருக்கும் ஒன்று இத்தனை பெரிய விளைவைத் தருகிறது. குருதியில் காண்பது மிச்சம் மட்டுமே; பெரும்பகுதி கலங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இனி இறால் புரதம் வந்து சேரும் கணத்தைப் பார்ப்போம். ஒரு ஐ.ஜி.ஈ மட்டும் அதைப் பற்றினால் ஒன்றும் நடக்காது. ஒரே புரதத் துண்டை அருகருகே உள்ள இரண்டு ஐ.ஜி.ஈக்கள் ஒருசேரப் பற்றி, அதனால் அவற்றின் வாங்கிகள் நெருக்கமாக இழுக்கப்படும்போதுதான் கலத்துக்குள் சமிக்ஞை செல்கிறது. கல்சியம் உள்ளே பாய்கிறது. சிறுமணிகள் கலத்தின் விளிம்புக்கு வந்து, தம்முள் இருப்பதை வெளியே கொட்டிவிடுகின்றன. இதற்கு எடுக்கும் நேரம் சில விநாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை.

வேகத்தின் இரகசியம் இங்கே இருக்கிறது. தடிமன் காய்ச்சலோ டெங்குவோ வரும்போது உடல் எதிரியை அடையாளம் கண்டு, கலங்களைப் பெருக்கி, பிறபொருளெதிரிகளைப் புதிதாகச் செய்ய நாட்கள் எடுக்கின்றன. ஒவ்வாமையில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அடையாளம் காணுவது முன்பே முடிந்துவிட்டது, ஐ.ஜி.ஈ தன் இடத்தில் நிற்கிறது, ஹிஸ்டமின் மணிகளுக்குள் தயாராக இருக்கிறது.

முதலில் கொட்டப்பட்டதோடு விடயம் முடிவதில்லை. வெடித்த மாஸ்ட் கலம் தன் சவ்வின் கொழுப்பிலிருந்து லியூக்கோத்திரயீன், புரொஸ்டாகிளாண்டின் ஆகிய பொருட்களை அடுத்த சில நிமிடங்களில் புதிதாக உருவாக்குகிறது. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் லியூக்கோத்திரயீன்கள் ஹிஸ்டமினைவிட வலிமையானவை. ஹிஸ்டமினைத் தடுக்கும் குளிசைகளால் இவற்றைத் தொடவே முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னால் இது தேவைப்படும்.

ஒரு ஞாயிறு மதியம், நிமிடக் கணக்கில்

இதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். குச்சவெளியில் வசிக்கும் 28 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சில மாதங்களாக இறால் சாப்பிடும்போது அவருக்கு வாயில் இலேசான கடி இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று காலை கரப்பந்தாட்டத்தில் கால் பிரண்டதால், வலிக்கு டைக்ளோபெனக் குளிசை ஒன்று போட்டிருந்தார். மதியம் 12.40க்கு இறால் குழம்பும் சோறும்.

12.45: உதடும் நாக்கும் குறுகுறுக்கின்றன. தொண்டைக்குள் ஏதோ சிக்கியதைப் போன்ற உணர்வு. புரதம் முதலில் தொட்ட இடம் வாய் என்பதால் அங்கிருந்த மாஸ்ட் கலங்கள் முதலில் வெடித்துள்ளன.

12.50: உள்ளங்கை, உள்ளங்கால், தலைமுடியின் அடிப்பகுதி எல்லாம் கடிக்கின்றன. வயிற்றிலும் தொடையிலும் தடிப்புகள் எழுகின்றன. இறால் பட்டிராத இடங்களில் இவை தோன்றுவதைக் கவனிக்க வேண்டும். புரதத்தின் சிறு துணுக்குகள் வாயிலிருந்தும் குடலிலிருந்தும் உறிஞ்சப்பட்டு, குருதியோடு உடலெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அனபிலாக்சிஸ் என்பது இதுதான்: ஓரிடத்தில் நிற்காமல், உடலின் பல பகுதிகளில் உள்ள மாஸ்ட் கலங்கள் ஒரே நேரத்தில் வெடித்து, சுவாசத்தையோ குருதி ஓட்டத்தையோ பாதிக்கும் கடுமையான ஒவ்வாமை.

12.55: வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது, வாந்தி எடுக்கிறார். குரல் கரகரக்கிறது. மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கிறது. மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள மழமழப்பான தசை, அதாவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் தசை, இறுகிவிட்டது.

1.00: முகம் வெளிறி வியர்க்கிறது. வயிறு கலக்குவதால் கழிப்பறைக்குப் போக எழுந்து நிற்கிறார். இரண்டடி நடந்ததும் சரிந்து விழுகிறார்.

காலையில் போட்ட வலிக் குளிசையை நான் காரணத்தோடுதான் சேர்த்தேன். டைக்ளோபெனக், ஐபுபுரொபன், அஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகள், மதுபானம், சாப்பிட்ட உடனேயான கடும் உடற்பயிற்சி, காய்ச்சல் ஆகியவை ஒவ்வாமை உள்ளவரின் தாங்கும் எல்லையைக் குறைத்துவிடக் கூடியவை. போன மாதம் அதே அளவு இறாலுக்கு வெறும் வாய்க்கடியுடன் தப்பியவர் இந்த மாதம் மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணமாகலாம். முன்பு இலேசாக வந்தது இனியும் இலேசாகவே வரும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

சில வேளைகளில் தோலில் எதுவுமே தெரியாது. அனபிலாக்சிஸ் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது தடிப்போ சிவப்போ காணப்படுவதில்லை. "தடிப்பு இல்லையே, இது அலர்ஜி அல்ல" என்று முடிவெடுத்து முட்டுக்கு மட்டும் மருந்து தேடினால் நேரம் போய்விடும்.

எழுந்து நின்றதும் ஏன் விழுந்தார்?

அவருடைய உடலிலிருந்து ஒரு துளி குருதியும் வெளியே சிந்தவில்லை. இதயம் வேகமாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் மூளைக்குக் குருதி போகவில்லை?

கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக உள்ள வயல்களுக்கு முறை வைத்து வக்கடைகளைத் திறப்பார்கள். அப்போதுதான் வாய்க்காலில் நீர்மட்டம் நிற்கும், கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும். எல்லா வக்கடைகளையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டு, வரம்பும் ஆங்காங்கே ஒழுகத் தொடங்கினால், குளத்திலிருந்து அதே தண்ணீர் வந்தாலும் வாய்க்காலில் மட்டம் விழுந்துவிடும். மேட்டில் உள்ள கடைசி வயல் காய்ந்துபோகும். அந்த வயல்தான் மூளை.

ஹிஸ்டமினும் அதன் கூட்டாளிகளும் உடலில் இரண்டையும் செய்கின்றன. முதலாவதாக, குருதிக்குழாய்கள் விரிவடைகின்றன. குறிப்பாக, குருதியின் பெரும்பகுதியைத் தாங்கும் நாளங்கள் விரியும்போது குருதி கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. இரண்டாவதாக, மிகச் சிறிய குருதிக்குழாய்களின் சுவரில் உள்ள கலங்கள் சுருங்கி அவற்றிடையே இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளிகளூடாகக் குருதியின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. உதட்டு வீக்கமாகவும் தடிப்பாகவும் வெளியே தெரிவது இந்தக் கசிவே. கடுமையான அனபிலாக்சிஸில் குருதிக்குழாய்களுக்குள் உள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை 10 நிமிடங்களுக்குள் இவ்வாறு வெளியேறிவிடலாம். வளர்ந்தவரின் உடலில் குருதி ஏறத்தாழ 5 லீற்றர் என்று வைத்தால், இழப்பின் அளவு எளிதில் விளங்கும்.

படுத்திருக்கும்வரை இதயத்துக்கு ஓரளவு குருதி திரும்புகிறது. எழுந்து நின்றதும் எஞ்சியதும் கால்களுக்கு இறங்கிவிடுகிறது. இதயம் ஏறத்தாழ வெறுமையாக அடிக்கிறது. அனபிலாக்சிஸால் இறந்தவர்களை ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, படுத்திருந்தவர்கள் திடீரென எழுந்து உட்கார்ந்த அல்லது எழுப்பி நிறுத்தப்பட்ட சற்று நேரத்தில் இறந்த நிகழ்வுகளை 2003இல் எடுத்துக்காட்டினார். ஆகவே நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்லப்படுவது அல்ல. முட்டு கடுமையாக இருந்து படுக்க முடியாவிட்டால், காலை நீட்டி உட்கார வைக்கலாம், நடக்க விடக்கூடாது. கர்ப்பிணியாயின் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். மயங்கியவரை இருவர் தோளில் தாங்கி நடத்தி முச்சக்கரவண்டியில் நிமிர்த்தி உட்கார வைப்பதை நம் ஊரில் அடிக்கடி காண்கிறோம். அன்போடு செய்யப்படும் அந்த உதவி இங்கே மிகவும் ஆபத்தானது.

நேரத்தைப் பற்றியும் அதே ஆய்வாளரின் 2000ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. உயிரிழந்தவர்களில், இதயமோ சுவாசமோ நிற்பதற்கு எடுத்த நேரத்தின் இடைநிலை உணவால் 30 நிமிடம், குளவி, தேனீ போன்றவற்றின் கொட்டால் 15 நிமிடம், ஊசியாக ஏற்றிய மருந்துகளால் 5 நிமிடம். உணவு உறிஞ்சப்பட வேண்டும் என்பதால் சற்று நேரம் எடுக்கிறது. நாளத்தில் ஏற்றிய மருந்துக்கு அந்தத் தடையும் இல்லை.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: ஒரே பொருட்கள் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன, குருதிக்குழாயை விரிக்கின்றன, அதன் சுவரை ஒழுக வைக்கின்றன. மூன்றும் ஒரே சில நிமிடங்களுக்குள் நடப்பதால் உடலுக்கு ஈடுசெய்ய அவகாசம் கிடைப்பதில்லை.

அட்ரினலின் ஏன், குளிசை ஏன் போதாது

மேற்சொன்ன மூன்றையும் ஒருசேரத் திருப்பக்கூடிய மருந்து அட்ரினலின் ஒன்றே. அது விரிந்த குருதிக்குழாய்களை இறுக்கி அமுக்கத்தை உயர்த்துகிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது, இதயத் துடிப்புக்கு வலுவூட்டுகிறது. இன்னும் வெடிக்காத மாஸ்ட் கலங்கள் தம் மணிகளைக் கொட்டுவதையும் ஓரளவு தடுக்கிறது.

வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று என்ற செறிவுள்ள மருந்தில் அரை மில்லிலீற்றர். தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் தசைக்குள் அது ஏற்றப்படும். தோலுக்கு அடியில் ஏற்றினால், அட்ரினலின் அந்த இடத்துக் குருதிக்குழாய்களையே இறுக்கித் தன் உறிஞ்சலைத் தானே தாமதப்படுத்திக்கொள்ளும். தொடைத் தசையிலிருந்து அது விரைவாகக் குருதியில் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடங்களில் முன்னேற்றம் இல்லாவிட்டால் மீண்டும் ஏற்றுவார்கள்.

கடிக்குப் போடும் குளோர்பெனிரமின் போன்ற குளிசைகள் ஏன் போதாது? அவை ஹிஸ்டமின் பொருந்தும் ஒரு வகை வாங்கியை மறைக்கின்றன. ஹிஸ்டமினோ ஏற்கனவே கொட்டப்பட்டு வேலையைத் தொடங்கிவிட்டது. விழுங்கிய குளிசை குருதியில் சேர்ந்து நன்றாக வேலைசெய்ய அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். லியூக்கோத்திரயீன்களை அது தொடுவதில்லை. ஒழுகிப்போன திரவத்தையும் திருப்பாது. வெறும் தடிப்புக்கும் கடிக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பதில்தான் அந்த 30 நிமிடமும் கரைகிறது. ஸ்ரெரொயிட் ஊசிகள் பலனளிக்க மணித்தியாலங்கள் எடுக்கும். முதல் நிமிடங்களில் அவற்றுக்கு வேலையில்லை.

நம் இளைஞருக்குத் திரும்புவோம். குச்சவெளியிலிருந்து திருகோணமலை நகரம் 30 கிலோமீற்றருக்கு மேல். நேரே பெரிய வைத்தியசாலைக்கே போவோம் என்று கிளம்பினால் இடைவழியிலேயே முக்கியமான நிமிடங்கள் போய்விடும். அட்ரினலின் விலையுயர்ந்த மருந்து அல்ல. அதை ஏற்ற விசேட நிபுணரும் தேவையில்லை. ஆகவே போக வேண்டியது மிக அருகில் உள்ள அரச வைத்தியசாலைக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கோரும்போது, "மயக்கம்" என்று மட்டும் சொல்லாமல், "இறால் சாப்பிட்டு இருபது நிமிடத்தில் தடிப்பும் முட்டும் மயக்கமும்" என்று சொன்னால் வருபவர்கள் எதற்குத் தயாராக வேண்டும் என்பது புரிந்துவிடும். பிரதேச வைத்தியசாலையில் அவருக்கு முதல் ஊசி போடப்படுகிறது. ஐந்து நிமிடத்தின் பின் இரண்டாவது. ஒழுகிய திரவத்தை ஈடுசெய்ய சேலைன் ஏறுகிறது. வக்கடைகளை மூடாமல் வாய்க்காலில் தண்ணீரை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பதால், அட்ரினலின் முதலில், சேலைன் அதன் துணைக்கு.

முகம் தெளிந்து, அவரே எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்பார். போகக்கூடாது. மாஸ்ட் கலங்கள் மணித்தியாலக் கணக்கில் வேறு பொருட்களையும் வெளியிடுவதால், சிறு பகுதியினருக்கு இறாலை மீண்டும் தொடாமலே இரண்டாவது அலை வரலாம். இரண்டு ஊசி தேவைப்பட்டவரைக் குறைந்தது 6 மணித்தியாலமாவது கண்காணிப்பில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சூரை மீனால் வரும் மயக்கம் வேறு

தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவரை மறக்கவில்லை. சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் போதிய ஐஸ் இல்லாமல் படகிலோ வெயிலிலோ கிடந்தால், பற்றீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பின்னர் ஐஸில் வைத்தாலும் சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அதைச் சாப்பிட்டவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். இங்கே ஐ.ஜி.ஈயும் இல்லை, மாஸ்ட் கலமும் வெடிக்கவில்லை. ஹிஸ்டமின் வெளியிலிருந்து தட்டில் வந்து சேர்ந்தது.

வேறுபடுத்துவதற்கு முதற் கேள்வி: அதே மீனைச் சாப்பிட்ட வேறு எவருக்கும் இப்படி வந்ததா? பலருக்கு வந்திருந்தால் பழுது மீனில். மிளகு போல நாக்கில் உறைத்தது என்றும் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். ஹிஸ்டமினைத் தடுக்கும் குளிசை இங்கே நன்றாக வேலைசெய்யும். அந்த நபர் நாளை புதிய சூரையைப் பயமின்றிச் சாப்பிடலாம். எனினும் முட்டோ மயக்கமோ இருக்கும் வேளையில் நின்று இந்த ஆராய்ச்சியைச் செய்ய வேண்டாம். அதை அனபிலாக்சிஸ் என்றே கொண்டு நடத்துங்கள்.

பின்னர் செய்யும் சோதனைகள்

நிகழ்வின்போது எடுக்கும் குருதியில் முன்பு சொன்ன திரிப்டேஸை அளந்தால், மாஸ்ட் கலங்கள் வெடித்தனவா என்பதற்குச் சான்று கிடைக்கலாம். ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் பயனுண்டு. உணவால் வரும் அனபிலாக்சிஸில் அது உயராமல் இருப்பதும் உண்டு என்பதால், சாதாரண அளவு வந்தால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சில வாரங்களின் பின் தோலில் குத்திச் செய்யும் சோதனையோ குருதியில் குறிப்பிட்ட ஐ.ஜி.ஈயை அளக்கும் சோதனையோ செய்யப்படும். இங்கேதான் குழப்பம் அதிகம். இச்சோதனைகள் காட்டுவது ஐ.ஜி.ஈ இருக்கிறதா என்பதை மட்டும். அறிகுறி வருமா என்பதை அல்ல. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளிலும் கரப்பான் பூச்சியிலும் உள்ள திரொப்போமயோசின் இறாலினுடையதை மிகவும் ஒத்தது. தூசியால் தும்முகிற ஒருவருக்கு, வாழ்நாள் முழுவதும் சுகமாக இறால் சாப்பிட்டவராயிருந்தும், இறால் சோதனையில் "உண்டு" என்று வரலாம். அவர் அதற்காக இறாலை விடத் தேவையில்லை. சாப்பிட்டபோது என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது என்ற கதையே முதன்மையானது. சோதனை அந்தக் கதைக்குத் துணை.

நம் இளைஞருடைய கதை தெளிவானது. அவர் இறாலோடு நண்டையும் சிங்க இறாலையும் விட வேண்டும், ஏனெனில் அவற்றின் திரொப்போமயோசின் ஏறத்தாழ ஒன்றே. கணவாய், மட்டி ஆகியவற்றில் உள்ளது சற்று வேறுபடுவதால், அவற்றை வைத்தியரின் ஆலோசனைப்படி முடிவுசெய்யலாம். மீன் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் முற்றிலும் வேறு. பார்வல்புமின் என்பது அதன் பெயர். ஆகவே பாரையையும் விளைமீனையும் அவர் விட வேண்டியதில்லை. இறால் பொரித்த அதே எண்ணெயில் அவற்றைப் பொரிக்காதிருந்தால் போதும்.